இறக்கிய பாடம் வீட்டில் திறக்கவில்லையா? டேட்டா குறைந்த இடத்தில் படிப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் சிக்னல் வீதியோடு ஓடும். ஏ9 வீதியில் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று நிற்கும் இடங்களில் நன்றாக இருக்கும். அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கமோ, துணுக்காய், நெடுங்கேணிப் பக்கமோ உள்ளே போகப் போகக் கோடு கோடாகக் குறையும். அதனால் இங்கே உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும், விடுமுறைக்கு வீடு வருகிற கம்பஸ் பிள்ளைகளும் ரவுணில் பாடத்தை இறக்கிக்கொண்டு வீட்டில் வைத்துப் படிக்கிறார்கள். திட்டம் சரியானதுதான். குழப்பம் வருகிற இடங்கள் ஒரு சிலவே. திரும்பத் திரும்ப அவைதான் வருகின்றன. பிள்ளைகளின் போன்களைப் பார்த்துக் கொடுக்கும்போது எந்த ஒழுங்கில் சோதிக்கிறேனோ அதே ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். உங்கள் போனில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

## அறிகுறி 1: ரவுணில் திறந்தது, வீட்டில் திறக்கவில்லை

அடிக்கடி வருவது இதுதான். "சேர் அனுப்பின வீடியோவை நேற்றே டவுன்லோட் பண்ணினனான் அண்ணை, இப்ப சுத்திக்கொண்டே நிக்குது" என்று பிள்ளை சொன்னால், பத்துக்கு எட்டுத் தடவை அது இறங்கியே இருக்காது. சிக்னல் இருந்த இடத்தில் ஓடியதை, இறங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். ரவுணை விட்டுக் கிளம்ப முன், பஸ் ஏற முன், போனை `Airplane mode` இல் போடுங்கள். வைஃபையும் நின்றுவிட்டதா என்று பாருங்கள்; சில போன்களில் அது தனியாகத் தொடர்ந்து இயங்கும். பிறகு இறக்கிய ஒவ்வொன்றையும் திறவுங்கள். வீடியோ என்றால் தொடக்கத்தை மட்டும் பார்த்து விடாதீர்கள். நடுவுக்கு ஒரு தடவை, கடைசி நிமிடத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பிடிஎப் என்றால் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இந்தச் சோதனையில் திறந்தது மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. திறக்காததை அங்கேயே, சிக்னல் இருக்கும்போதே திருத்தலாம்.

திறக்கவில்லை என்றால் காரணத்தை இந்த ஒழுங்கில் தேடுங்கள்.

### கோப்பு எங்கே இருக்கிறது?

போனில் `Files` அல்லது `My Files` என்ற செயலியைத் திறந்து `Download` கோப்புறைக்குப் போங்கள். அங்கே அந்தப் பாடம் பெயரோடும் அளவோடும் இருந்தால் அது உண்மையான கோப்பு. இல்லை என்றால் ஏதோ ஒரு செயலிக்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் செயலி என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

கூகுள் டிரைவில் வீடியோவைத் தொட்டுப் பார்த்தால் அது இறங்குவதில்லை; இணையத்தில் இருந்தபடியே ஓடுகிறது. மூன்று புள்ளியைத் தொட்டு `Download` கொடுத்தால்தான் `Download` கோப்புறைக்கு வரும். அதே பட்டியலில் உள்ள `Make available offline` என்பதும் வேலை செய்யும், ஆனால் கோப்பு டிரைவ் செயலிக்குள்ளேதான் இருக்கும். செயலியின் தரவை அழித்தாலோ கணக்கை எடுத்துவிட்டாலோ அதுவும் போய்விடும். பாடங்களுக்கு நான் எப்போதும் `Download` ஐத்தான் சொல்வேன்.

யூடியூப்பில் இறக்குவது யூடியூப் செயலிக்குள் மட்டும் இருக்கும். வேறு போனுக்கு மாற்ற முடியாது, வேறு செயலியில் திறக்க முடியாது. அதற்குக் கால எல்லையும் உண்டு: குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை போன் இணையத்தைத் தொட்டாக வேண்டும், சில நாடுகளில் சில வீடியோக்களுக்கு அந்த எல்லை 48 மணி நேரம் மட்டுமே. வெள்ளிக்கிழமை இறக்கிய பாடம் திங்கட்கிழமை ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வீட்டில் கொஞ்சமாவது சிக்னல் வரும் இடத்தில் ஒரு தடவை டேட்டாவைப் போட்டு யூடியூப்பைத் திறந்தால் பழையபடி ஓடக்கூடும். முழு வீடியோவும் திரும்ப இறங்கத் தேவையில்லை.

டெலிகிராமில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடந்தகால வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் அங்கே நிறைய வருவதால், திறந்து பார்த்துவிட்டு இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். டெலிகிராம் அவற்றைத் தன் தற்காலிக இடத்தில் வைத்திருக்கும்; குறிப்பிட்ட நாட்கள் கழிந்ததும் தானாக அழிக்கும்படி அமைப்பு போடப்பட்டிருக்கலாம். `Settings` > `Data and Storage` > `Storage Usage` என்று போய் `Auto-remove cached media` என்ன சொல்கிறது என்று பாருங்கள். இருந்தாலும், பரீட்சைக்குத் தேவையான தாளை அங்கேயே விட்டுவைக்க வேண்டாம். மூன்று புள்ளியைத் தொட்டு `Save to Downloads` கொடுத்து வெளியே எடுத்து விடுங்கள்.

வட்ஸ்அப்பில் கோப்பின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரிந்தால் அது இன்னும் இறங்கவில்லை. பழைய கோப்பைப் பல வாரங்கள் கழித்துத் தொட்டால், அது வட்ஸ்அப் சேவரில் இருந்தே போயிருக்கும். எவ்வளவு சிக்னல் இருந்தாலும் வராது. அனுப்பியவரிடம் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை. குழுவில் தாள் விழுந்த அன்றைக்கே இறக்கி வைத்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

### கோப்பு இருக்கிறது, ஆனால் அளவு சின்னது

`Download` கோப்புறையில் பெயர் இருக்கிறது, திறந்தால் கோப்பு பழுது என்று சொல்கிறது. அப்போது அளவைப் பாருங்கள். முப்பது பக்கப் பிடிஎப் 15 கேபி, 40 கேபி என்று காட்டினால் அது பாடமே இல்லை, லொகின் பக்கம். கம்பஸின் இணையப் பாடத்தளமான எல்எம்எஸ்ஸில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அது உங்களைத் தானாக வெளியேற்றிவிடும். அதன் பிறகு டவுன்லோடைத் தட்டினால் பாடத்துக்குப் பதிலாக லொகின் பக்கம் பாடத்தின் பெயரிலேயே வந்து இறங்கும். அதை அழித்துவிட்டு, திரும்ப லொகின் பண்ணி, உடனே இறக்குங்கள். டிரைவில் அனுமதி இல்லாத இணைப்பிலும் இதே போல நடக்கும். அதற்கு உரிய கணக்கில் நுழைய வேண்டும், அல்லது விரிவுரையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

### கோப்பு முழுசாக இருக்கிறது, ஓடவில்லை

பெயரின் முடிவில் `.crdownload` என்று இருந்தால் குரோம் இன்னும் இறக்கி முடிக்கவில்லை; அறிகுறி 3 க்குப் போங்கள். பெயர் சரி, அளவும் சரி, ஆனால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு என்றால், உங்கள் பழைய போனுக்கு அந்த வீடியோ வகை புரியவில்லை. விஎல்சி செயலியை ரவுணிலேயே இறக்கி வைத்திருங்கள். அது பெரும்பாலானவற்றை ஓட்டும். விஎல்சியிலும் ஓடாவிட்டால் அந்தக் கோப்பை மாற்றித்தரச் சொல்ல வேண்டும். அறிகுறி 2 இல் பாடத்தைச் சுருக்கத் தந்திருக்கும் கட்டளை அதையும் செய்யும்.

மெமரி காட்டில் வைத்தவை மட்டும் திறக்கவில்லை, போனில் வைத்தவை திறக்கின்றன என்றால் காட்டில் பிழை. அதில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். போன் `Format` பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு போனிலோ காட் ரீடரிலோ போட்டுப் பாருங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டிய கட்டம் இது. கொடுக்கும்போதே "உள்ளுக்க இருக்கிற பைல் வேணும்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அழித்துத் திருத்தித் தந்துவிடுவார்கள்.

## அறிகுறி 2: வாரம் முடிய முன்னமே டேட்டா முடிகிறது

முதலில் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். ஊகிக்க வேண்டாம், போனே சொல்லும். `Settings` இல் நெட்வேர்க் பகுதிக்குள் `App data usage` அல்லது `Mobile data usage` என்று ஒன்று இருக்கும். அதில் செயலிகள் கூடத் தின்றது மேலே, குறையத் தின்றது கீழே என்று வரிசையாக நிற்கும். காலத்தை, பக்கேஜ் போட்ட திகதியில் இருந்து வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

உயர்தரம் பௌதிகப்பிரிவு படிக்கும் ஒரு தங்கச்சியின் கணக்கை எடுத்துக் காட்டுகிறேன். வழமையாகத் தெரிகிற முறை இதுதான். வாரத்துக்கு 2 ஜிபி பக்கேஜ். ரியூஷன் சேர் வாரம் நாலு பாடப் பதிவுகளை டிரைவில் போடுகிறார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 எம்பி. கணக்குப் பார்த்தால் நாலும் சேர்ந்து 1200 எம்பி. மிச்சம் வட்ஸ்அப்புக்கும் தாள்களுக்கும் காண வேண்டும். ஆனால் ஞாயிறு போட்ட பக்கேஜ் புதன்கிழமை முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு பாடம்தான் பார்த்திருக்கிறாள். போன் காட்டியது இது: டிரைவ் 1150 எம்பி, ஹொட்ஸ்பொட் 520, வட்ஸ்அப் 210, குரோம் 90, ஏனையவை 78. கூட்டினால் 2048. அதாவது 2 ஜிபியும் சரியாகக் கணக்கில் வந்துவிட்டது, எவரும் களவெடுக்கவில்லை.

### டிரைவ் ஏன் இவ்வளவு?

இரண்டு பாடம் 600 எம்பிதானே வரவேண்டும்? இறக்காமல் டிரைவுக்குள்ளேயே பார்த்தபடியால்தான் கூடியது. விளங்காத கணக்கைத் திரும்ப இழுத்துப் பார்த்தாள், அடுத்த நாள் மீட்டலுக்காக இன்னொரு தடவை பார்த்தாள். இறங்காத வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் டேட்டா போய்க்கொண்டே இருக்கும். படிக்கிற பிள்ளை ஒரு பாடத்தை ஒரு தடவையோடு விடுவதில்லை. நல்ல பிள்ளைக்குத்தான் இதில் நட்டம் கூட. ஒரு தடவை இறக்கிவிட்டால் எத்தனை தடவை பார்த்தாலும் 300 எம்பிதான்.

### ஹொட்ஸ்பொட்டின் 520

அண்ணன் லப்டொப்பைத் தங்கச்சியின் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து ஒரு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறான். விண்ணப்பத்துக்கு 10 எம்பி போயிருக்கும். மிச்சம் விண்டோஸ் அப்டேற். லப்டொப்புக்கு ஹொட்ஸ்பொட்டும் வைஃபைதான். அது டேட்டா காசு என்று அதற்குத் தெரியாது, வைஃபை கிடைத்தது என்று அப்டேற்றை இழுக்கத் தொடங்கிவிடும். இதற்கு விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் போய் `Metered connection` ஐ `On` பண்ண வேண்டும். ஒவ்வொரு ஹொட்ஸ்பொட்டுக்கும் தனித்தனியே ஒருதடவை போட்டால் போதும், லப்டொப் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வேறொரு போனை உங்கள் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தாலும் இதே கதை: அந்தப் போனில் "வைஃபையில் மட்டும் அப்டேற்" என்று போட்டிருந்தால் இப்போது அதற்கு வைஃபை கிடைத்துவிட்டது. அந்தப் போனிலும் வைஃபை அமைப்பில் `Treat as metered` என்று போடலாம்.

### வட்ஸ்அப்

`Settings` > `Storage and data` > `Media auto-download` இல், மொபைல் டேட்டாவுக்குக் கீழே உள்ள நாலையும் எடுத்துவிடுங்கள். தாள் வேண்டும் என்றால் தொட்டு இறக்கலாம். கல்யாண வீட்டு வீடியோக்கள் தாமாக இறங்குவது நின்றுவிடும்.

இவ்வளவோடு `Data Saver` ஐயும் போட்டுவிட்டால், பின்னணியில் செயலிகள் தின்பது பெரும்பாலும் அடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

### அப்படியும் போதாவிட்டால்: பாடத்தைச் சுருக்குங்கள், பங்கு போடுங்கள்

பங்கு போடுவதுதான் காசில்லாத வழி. ஒரே சேரிடம் படிக்கிற நாலு பேர் ஒரே ஊரில் இருந்தால், நாலு பேரும் நாலு பாடத்தையும் இறக்குவது வீண். ஆளுக்கொரு பாடம் இறக்கி, நேரில் கண்டு போனுக்குப் போன் மாற்றலாம். அன்ட்ரொய்டில் `Quick Share` இணையம் இல்லாமலே அனுப்பும். 300 எம்பி கொஞ்ச நேரத்தில் போய்விடும், டேட்டா ஒரு எம்பியும் போகாது. ஆளுக்கு 1200 எம்பி என்பது 300 ஆகிவிடும். காசு கட்டிப் படிக்கும் வகுப்பின் பதிவு என்றால், அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குள் மட்டும் மாற்றுங்கள், சேரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் உழைப்புக்கு மரியாதை அது. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சுருக்குவது பாடத்தைப் போடுகிறவர் செய்ய வேண்டிய வேலை, அல்லது கம்பஸில் வைஃபை உள்ள ஒரு அண்ணா, அக்கா செய்து தரலாம். எழுதுபலகையும் ஸ்லைட்டும் மட்டும் தெரிகிற பாடத்துக்குச் சினிமாப் படத் தரம் தேவையில்லை. லப்டொப்பில் எப்எப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i paadam.mp4 -vf scale=-2:360 -r 10 -c:v libx264 -crf 30 -c:a aac -ac 1 -b:a 48k siriyathu.mp4
```

ஒன்றரை மணி நேரப் பாடத்தில், 48 கேபிபிஎஸ் குரல் மட்டும் ஏறக்குறைய 32 எம்பி எடுக்கும். அசையாத ஸ்லைட் என்றால் படம் அதற்கு மேல் பெரிதாகக் கூட்டாது. 300 எம்பி பாடம் நூறுக்குக் கீழே வருவது சாதாரணம். சேர் பலகையில் சின்ன எழுத்தில் எழுதுகிறவர் என்றால் 360 இல் கீழெழுத்துக்களும் அடுக்குகளும் கலங்கும். அப்போது `360` ஐ `480` ஆக்குங்கள். முழுப்பாடத்தையும் மாற்ற முன், சமன்பாடு வருகிற ஒரு இடத்தைப் போன் திரையிலேயே வாசித்துப் பார்ப்பது நல்லது. லப்டொப் திரையில் தெளிவாக இருப்பது போனில் வாசிக்க முடியாமல் போகலாம்.

இரவுக்கெனத் தனி டேட்டா தரும் பக்கேஜ் உங்களுடையது என்றால், பெரிய இறக்கங்களை அதற்கு ஒதுக்குங்கள். எத்தனை மணி தொடங்கி எத்தனை மணி வரை என்பது பக்கேஜுக்குப் பக்கேஜ் மாறும். அதைச் சரியாகப் பார்த்து எழுதி வையுங்கள். எல்லைக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் எதையும் ஓட விடாதீர்கள், பகல் டேட்டாவில் கை வைத்துவிடும். கம்பஸ் பிள்ளைகளுக்கு இன்னொரு விடயம்: எல்எம்எஸ் தளத்துக்கு டேட்டா வெட்டப்படாது என்று உங்கள் கம்பஸில் சொல்லியிருந்தாலும், எல்எம்எஸ்ஸுக்குள் இருக்கும் யூடியூப், டிரைவ் இணைப்புகள் வெளித் தளங்கள். அவற்றுக்கு வெட்டும். கம்பஸுக்குள் `eduroam` வைஃபை கிடைத்தால் வெள்ளிக்கிழமை வீடு வர முன் அங்கேயே எல்லாவற்றையும் இறக்குவதைப் போல எதுவும் வராது.

### யாரைக் கூப்பிடுவது?

போன் காட்டும் மொத்தத்தையும், நிறுவனத்தின் செயலியோ எஸ்எம்எஸ்ஸோ காட்டும் மிச்சத்தையும் ஒரே நேரத்தில் படம் பிடியுங்கள். இரண்டுக்கும் கொஞ்ச வித்தியாசம் எப்போதும் இருக்கும். போன் 900 எம்பி என்று சொல்ல அங்கே 2 ஜிபியும் முடிந்தது என்றால், அல்லது டேட்டா போடாமலே ரீலோட் காசு நாளுக்கு நாள் குறைகிறது என்றால், அது உங்கள் போனில் திருத்தக்கூடிய விடயம் அல்ல. இரண்டாவதற்கு, கேட்காமல் ஒட்டிக்கொண்ட ஏதாவது கட்டணச் சேவையாக இருக்கும் வாய்ப்புக் கூட. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு நிறுவன ஹொட்லைனில் பேசுங்கள், முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அதிலும் தீராவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் போகலாம். அங்கே அந்த முறைப்பாட்டு இலக்கம் தேவைப்படும்.

## அறிகுறி 3: பாதியில் அறுந்து போகிறது

90 வீதம் வந்து அறுவது வயிற்றெரிச்சல்தான். வந்த டேட்டாவும் போய், பாடமும் இல்லாமல் போகும். முதலில் போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 300 எம்பி கோப்புக்கு 300 எம்பி இடம் போதாது. குறைந்தது ஒரு ஜிபியாவது வெறுமையாக வைத்திருங்கள்.

இடம் இருக்கிறது என்றால், திரை அணைந்த பிறகுதான் அறுகிறதா என்று கவனியுங்கள். பட்டறி சேமிப்பு அமைப்பு குரோமைத் தூங்கப் போட்டுவிடும். இறங்கும் வரைக்கும் பட்டறி சேமிப்பை நிறுத்தி வையுங்கள்.

திரை எரிந்துகொண்டிருக்கும்போதே அறுகிறது என்றால் சிக்னல். முழுக்கோடும் தெரிந்துகொண்டு ஒன்றும் இறங்காமல் நிற்பதும் உண்டு; பின்னேரம் ஆறு மணியில் இருந்து பத்து மணி வரை ஊரே ஒரு ரவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் விடிய ஐந்து மணிக்கு இறக்கிப் பாருங்கள். அப்போது வேகமாக வந்தால் நெரிசல்தான், உங்கள் போனில் பிழை இல்லை. விடியவும் மெதுவாக இருந்தால் தூரம். போனை வீட்டுக்குள் வைக்காமல் ரவர் பக்கம் பார்த்த யன்னலிலோ விறாந்தையிலோ வைத்து, ஹொட்ஸ்பொட் போட்டு, உள்ளே வேறு கருவியில் இறக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே இருப்பதற்கும் விறாந்தையில் இருப்பதற்கும் நல்ல வித்தியாசம் தெரியும்.

அறுந்த பிறகு திரும்பத் தொடங்கும்போது `Resume` கொடுங்கள். விட்ட இடத்தில் இருந்து போனால் தப்பித்தீர்கள். பூச்சியத்தில் இருந்து தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அந்தத் தளம் விட்ட இடத்தில் இருந்து தராது, ஒவ்வொரு முயற்சிக்கும் முழு டேட்டாவும் போகும். விட்ட இடத்தில் இருந்து தருகிற தளத்தில், லொகின் தேவையில்லாத நேரடி இணைப்பு என்றால் லப்டொப்பில் இப்படி இறக்கலாம், அறுந்தால் அதே வரியைத் திரும்பக் கொடுத்தால் தொடரும்:

```
wget -c "இணைப்பு"
```

எல்எம்எஸ் லொகினுக்குள் இருக்கும் கோப்புக்கு இது சரிவராது. அங்கே செய்யக்கூடியது, விரிவுரையாளரிடம் பாடத்தை இருபது நிமிடத் துண்டுகளாகப் போடச் சொல்லிக் கேட்பதுதான். ஒரு துண்டு அறுந்தால் ஒரு துண்டுதான் நட்டம். ஊரில் பக்கத்து வீட்டுப் போன்கள் எல்லாம் நன்றாக ஓட, அதே நிறுவனத்துச் சிம் உங்கள் போனில் மட்டும் எந்நேரமும் அறுந்தால், சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அறுந்தால் சிம்மை மாற்றுங்கள். அங்கே நன்றாக ஓடினால் உங்கள் போன்தான் பிழை, கடைக்குக் கொண்டு போங்கள்.

## அறிகுறி 4: திறக்கிறது, ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்

திறந்தால் `jkpo;` என்றும் `tzf;fk;` என்றும் தெரிகிறதா? கோப்பு பழுதாகவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பு. முதலாவது "தமிழ்", இரண்டாவது "வணக்கம்". எங்கள் பாடசாலைகளிலும் ரியூஷன்களிலும் இன்றைக்கும் தாள்கள் பாமினியில்தான் நிறைய அடிக்கப்படுகின்றன. அடித்தவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது, உங்கள் போனில் இல்லை.

இதை வீட்டில் இருந்து திருத்துவது கஷ்டம். `Airplane mode` சோதனையில் கோப்பைத் திறக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மிக எளிய வழி, அனுப்பியவரிடம் பிடிஎப்பாகக் கேட்பது. வேர்ட்டில் `Save as PDF` கொடுத்தால் எழுத்துரு உள்ளேயே போய்விடும், எந்தப் போனிலும் தமிழ் தெரியும். ஒரு சேர் ஒருதடவை செய்தால் நூறு பிள்ளைகளுக்குப் பிரச்சினை தீரும். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால், பாமினி உள்ள லப்டொப்பில் திறந்து நீங்களே பிடிஎப் ஆக்கலாம். ரவுணில் தட்டச்சு செய்து பிரிண்ட் எடுக்கும் கடை எதிலும் பாமினி இருக்கும். போனில் கொண்டுபோய்க் கொடுத்தால் உடனே மாற்றித் தருவார்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் தளங்களும் உண்டு, ஆனால் தாளில் ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் கலந்திருந்தால் அவையும் தமிழெழுத்தாகிக் குழம்பிவிடும். கணித, விஞ்ஞானத் தாள்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: போனால் படம் பிடித்துச் சேர்த்த வினாத்தாள்கள் 20, 30 எம்பி என்று பெருத்திருக்கும். பரீட்சைத் திணைக்களத்தின் `doenets.lk`, தேசிய கல்வி நிறுவகத்தின் `nie.lk`, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ ஆகிய தளங்களில் நீங்கள் தேடுவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தட்டச்சுப் பிரதியாகக் கிடைத்தால் அளவும் குறைவு, எழுத்தும் தெளிவு.

## அறிகுறி 5: ஓஃப்லைனில் செய்த விடை சேரவில்லை

கம்பஸ் எல்எம்எஸ் மூடில் என்றால், மூடில் செயலியில் பாடநெறியை இறக்கி வைத்து வீட்டில் வேலை செய்யலாம். ஆனால் வினாக்கொத்தை ஓஃப்லைனில் செய்ய, விரிவுரையாளர் அதற்கென்று அனுமதி போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் அது இறங்காது. உங்கள் போனில் எதை மாற்றியும் பயனில்லை, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அனுமதி இருந்து, செய்து முடித்தும் புள்ளி வரவில்லை என்றால், விடை இன்னும் போனிலேயே இருக்கிறது. சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் செயலியைத் திறந்து அந்த வினாக்கொத்துக்குள் போய், மூன்று புள்ளியில் `Synchronise now` கொடுங்கள். அது முடியும் வரை செயலியை அழிக்கவோ, லொக் அவுட் பண்ணவோ, இடம் காணாது என்று செயலியின் தரவைத் துடைக்கவோ வேண்டாம். விடையும் சேர்ந்து போய்விடக்கூடும். போனில் செய்துகொண்டிருக்கும் அதே வினாக்கொத்தை லப்டொப்பில் திறந்து தொடராதீர்கள், இரண்டும் முட்டிக்கொண்டு ஓஃப்லைன் விடை தள்ளப்படும்.

முடிவுத் திகதி உள்ள ஒப்படை என்றால், முடிகிற நாளின் பின்னேர நெரிசலை நம்பாமல் அன்று விடியவோ முதல் நாளோ ஏற்றிவிடுங்கள். ஏற்றியதும் `Submitted for grading` என்று வந்த திரையைப் படம் பிடித்து வையுங்கள். ஏற்றி, படமும் இருந்து, அங்கே காட்டவில்லை என்றால், அந்தப் படத்தோடு பீடத்தின் எல்எம்எஸ் பொறுப்பாளருக்கு அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள்.